பளு எதுவானாலும் அதே மின்னோட்டம்: ஆப்-ஆம்ப் மின்னழுத்த–மின்னோட்ட மாற்றி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் சுற்றைச் சொல்லிவிடுகிறேன். பாதிக் கேள்விகள் சுற்றைத் தப்பாக இணைத்ததால் வருபவை. ஒரு 741 ஆப்-ஆம்ப், அதற்கு +15, −15 வோல்ட் இரட்டை மின்வழங்கி. உள்ளீட்டு மின்னழுத்தம் 3-ஆம் காலுக்கு, அதாவது புரட்டா முனைக்குப் போகிறது. 2-ஆம் காலான புரட்டும் முனையிலிருந்து தரைக்கு ஒரே ஒரு மின்தடை. வெளியீடான 6-ஆம் காலுக்கும் 2-ஆம் காலுக்கும் நடுவே பளு. வேறு எதுவும் இல்லை. தரைக்குப் போகும் அந்த மின்தடையைக் கீழ் மின்தடை என்று அழைக்கப் போகிறேன். வேறு சுற்றைப் பற்றிப் பேசும்போது தனியாகச் சொல்கிறேன்.

உள்ளீடு 2 வோல்ட், மின்தடை 1 கிலோ ஓம் என்று கணக்கில் கொடுத்திருக்கிறார்கள். பளுவின் மதிப்பையே காணோம். பளு மின்னோட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கொடுத்திருப்பதே போதும். விடை 2 மில்லி ஆம்பியர்.

ஆப்-ஆம்ப் தன் இரண்டு உள்ளீடுகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும்வரை வெளியீட்டை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். 3-ஆம் காலில் 2 வோல்ட் இருந்தால் 2-ஆம் காலையும் 2 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தும். அந்தக் காலிலிருந்து தரைக்கு 1 கிலோ ஓம் இருக்கிறது. 1 கிலோ ஓமின் குறுக்கே 2 வோல்ட் நின்றால் அதில் 2 மில்லி ஆம்பியர் ஓடியாக வேண்டும்.

அது எங்கிருந்து வரும்? ஆப்-ஆம்பின் உள்ளீட்டுக் கால் மின்னோட்டத்தைத் தராது, வாங்கவும் செய்யாது. மீதி இருப்பது ஒரே வழி, பளு. கீழ் மின்தடையில் ஓடும் ஒவ்வொரு துளி மின்னோட்டமும் பளுவின் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஆகவே:

```
I = Vin / R
I = 2 V / 1 kΩ = 2 mA
```

பளுவை 100 ஓமிலிருந்து 4.7 கிலோ ஓமாக மாற்றினாலும் அதே மின்னோட்டம் என்றால், ஓமின் விதி என்ன ஆயிற்று?

ஓமின் விதி இருந்த இடத்திலேயே இருக்கிறது. பளுவுக்கும் அது பொருந்துகிறது, ஆனால் தலைகீழான வரிசையில். சாதாரணமாக நாம் மின்னழுத்தத்தைக் கொடுக்கிறோம், மின்னோட்டம் எவ்வளவு என்பதை மின்தடை முடிவு செய்கிறது. இங்கே மின்னோட்டம் முதலிலேயே தீர்மானமாகிவிட்டது. பளு பெரிதானால், அதே மின்னோட்டத்தைத் தள்ளத் தேவையான கூடுதல் மின்னழுத்தத்தை ஆப்-ஆம்ப் தன் வெளியீட்டில் ஏற்றிக்கொள்கிறது.

100 ஓம் பளு என்றால் அதன் குறுக்கே 0.2 வோல்ட், வெளியீடு 2.2 வோல்ட். 4.7 கிலோ ஓம் என்றால் பளுவின் குறுக்கே 9.4 வோல்ட், வெளியீடு 11.4 வோல்ட். மின்னோட்டம் இரண்டிலும் 2 மில்லி ஆம்பியர். பளுவை ஒரு கம்பியால் குறுக்கிணைத்தாலும் ஒன்றும் ஆகாது. அப்போது வெளியீடு 2 வோல்ட்டிலேயே நிற்கும், கீழ் மின்தடையில் அதே 2 மில்லி ஆம்பியர் ஓடும்.

ஆப்-ஆம்ப் இல்லாமல் 2 வோல்ட் மூலம், 1 கிலோ ஓம், பளு மூன்றையும் நேராகத் தொடரில் இணைத்துப் பாருங்கள். 100 ஓம் பளுவுக்கு 1.82 மில்லி ஆம்பியர், 4.7 கிலோ ஓம் பளுவுக்கு 0.35 மில்லி ஆம்பியர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆப்-ஆம்ப் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் எவ்வளவு பெரிய பளுவை வேண்டுமானாலும் போடலாமா?

போட முடியாது. இந்தச் சுற்றில் மாணவர்கள் சறுக்கும் இடம் இதுதான். மின்னோட்டச் சமன்பாட்டில் பளு இல்லை என்றதும் பளுவையே மறந்துவிடுகிறார்கள். அது வெளியீட்டு மின்னழுத்தத்துக்கான சமன்பாட்டில் உட்கார்ந்திருக்கிறது:

```
Vo = Vin + I × RL
```

±15 வோல்ட் மின்வழங்கியில் 741-இன் வெளியீடு சுமார் 13 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. அதற்குப் பிறகு தெவிட்டல். நம் எடுத்துக்காட்டில் 13 வோல்ட்டில் 2 வோல்ட் கீழ் மின்தடைக்குப் போய்விடுகிறது. பளுவுக்கு மிச்சம் 11 வோல்ட். 2 மில்லி ஆம்பியருக்கு 11 வோல்ட் என்றால் 5.5 கிலோ ஓம். அதுவே இந்தச் சுற்று தாங்கும் மிகப் பெரிய பளு. நான் என் மாணவர்களிடம், மின்னோட்டத்தைக் கண்டுபிடித்ததும் பேனாவை மூடாதீர்கள், அடுத்த வரியில் வெளியீட்டு மின்னழுத்தத்தையும் போட்டு 13-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள் என்று சொல்வது வழக்கம். தேர்வுத்தாளில் அந்த வரிக்கு மதிப்பெண் இல்லாமல் போகலாம். பிரெட்போர்டில் உண்டு.

மின்னோட்டத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது. 741 தன் வெளியீட்டைத் தானே காத்துக்கொள்ளச் சுமார் 25 மில்லி ஆம்பியரில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திவிடும். அந்த அளவை நெருங்குவதற்கு முன்பே வெளியீட்டு மின்னழுத்தம் சரியத் தொடங்கும். ஆகவே இதைச் சில மில்லி ஆம்பியர் வேலைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

கணக்கில் 2 மில்லி ஆம்பியர் வருகிறது, மீட்டரில் 1.18 தான் காட்டுகிறது. ஆப்-ஆம்ப் பழுதா?

உங்கள் பளு 10 கிலோ ஓம் என்று ஊகிக்கிறேன்.

வெளியீடு 13 வோல்ட்டில் முட்டி நின்றுவிட்டால் ஆப்-ஆம்ப் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது என்று பொருள். அதன்பிறகு அது வெறும் 13 வோல்ட் மூலம். பளுவும் கீழ் மின்தடையும் தொடரில் உள்ள இரண்டு மின்தடைகள். 10 கிலோவும் 1 கிலோவும் சேர்ந்து 11 கிலோ ஓம். 13-ஐ 11-ஆல் வகுத்தால் 1.18 மில்லி ஆம்பியர். ஆப்-ஆம்ப் நன்றாகவே இருக்கிறது, அதனிடம் முடியாத வேலையைக் கேட்டிருக்கிறீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஐசியைப் பிடுங்கிப் புதியது போட வேண்டியதில்லை. மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் தரையில் வைத்து, சிவப்பு முனையால் 3-ஆம் காலைத் தொடுங்கள், பிறகு 2-ஆம் காலைத் தொடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சுற்று ஒழுங்காக வேலை செய்கிறது. 3-இல் 2 வோல்ட்டும் 2-இல் 1.18 வோல்ட்டும் இருந்தால் வெளியீடு தெவிட்டிவிட்டது. 6-ஆம் காலைத் தொட்டால் 13 வோல்ட் அருகே இருக்கும், அதுவே உறுதி.

2-ஆம் காலில் பூஜ்யமும் 6-ஆம் காலில் 13 வோல்ட்டும் இருந்தால் பளு எங்கோ அறுந்திருக்கிறது. மின்னோட்டம் ஓட வழியில்லாமல் ஆப்-ஆம்ப் வெளியீட்டை உச்சிக்கு ஏற்றிவிட்டு நிற்கிறது. பிரெட்போர்டில் பளுவின் ஒரு கால் பக்கத்து வரிசையில் செருகப்பட்டிருப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

5.6 கிலோ ஓம் பளுவில் இந்தத் தெவிட்டல் கண்ணுக்கே தெரியாது. கணக்குப்படி வெளியீடு 13.2 வோல்ட் தேவை, கிடைப்பது 13. மின்னோட்டம் 1.97 மில்லி ஆம்பியர். மீட்டர் பிழை என்று விட்டுவிடுவோம். ஆனால் அந்த இடத்தில் சுற்று ஏற்கெனவே கட்டுப்பாட்டை இழந்துவிட்டது, மின்வழங்கி கொஞ்சம் குறைந்தால் மின்னோட்டமும் கூடவே குறையும். உண்மையான ஐசிகளில் உச்ச வெளியீடு 13-க்குச் சற்று மேலோ கீழோ இருக்கும் என்பதால், எல்லைக்கு ஒரு வோல்ட் முன்னதாகவே நின்றுகொள்வது என் வழக்கம்.

அம்மீட்டரை எந்த இடத்தில் இணைக்க வேண்டும்?

பளுவுடன் தொடரில். 6-ஆம் காலுக்கும் பளுவுக்கும் நடுவிலோ, பளுவுக்கும் 2-ஆம் காலுக்கும் நடுவிலோ இணைக்கலாம், இரண்டும் ஒன்றுதான். மற்ற சுற்றுகளில் அம்மீட்டரின் சொந்த மின்தடை அளவைக் கொஞ்சம் கெடுக்கும். இங்கே அது பளுவின் ஒரு பகுதியாகச் சேர்ந்துகொள்கிறது, ஆப்-ஆம்ப் அதற்கும் ஈடுகட்டிவிடுகிறது. சொல்லப்போனால் மீட்டரையே பளுவாக வைத்து, சிறு மின்னழுத்தங்களை அளக்கும் வோல்ட்மீட்டர் செய்வது இந்தச் சுற்றின் பழைய பயன்களில் ஒன்று. 1 மில்லி ஆம்பியர் முழு விலகல் கொண்ட முள் மீட்டரைப் பளுவின் இடத்தில் போட்டு, கீழ் மின்தடையாக 1 கிலோ ஓம் போட்டால் அது 1 வோல்ட் மீட்டர். 100 ஓம் போட்டால் 0.1 வோல்ட் மீட்டர். முள் மீட்டரின் சுருள் எத்தனை ஓம் என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

அம்மீட்டரை வெளியீட்டுக்கும் தரைக்கும் குறுக்கே வைப்பவர்களும் உண்டு. அப்போது மீட்டர் காட்டும் 25 மில்லி ஆம்பியர், 741 தன்னைக் காத்துக்கொள்ளும் எல்லை. சுற்றின் மின்னோட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நான் பெரும்பாலும் அம்மீட்டரை எடுப்பதே இல்லை. கீழ் மின்தடை 1 கிலோ ஓமாக இருந்தால் அதன் குறுக்கே எத்தனை வோல்ட்டோ அத்தனை மில்லி ஆம்பியர். கம்பியைப் பிரிக்காமல் அளந்துவிடலாம்.

உள்ளீட்டை ஒரு பொட்டென்ஷியோமீட்டரிலிருந்து எடுக்கிறேன். அது சுற்றைப் பாதிக்குமா?

மேலே சொன்ன சுற்றில் பாதிக்காது. 3-ஆம் கால் வாங்கும் மின்னோட்டம் நானோ ஆம்பியர்களில்தான். 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரைத் திருகி 2 வோல்ட் வைத்தால் 2 வோல்ட்டாகவே நிற்கும்.

புத்தகத்தில் புரட்டும் வகை மாற்றியும் இருக்கிறது. அதிலும் மின்னோட்டம் உள்ளீட்டை மின்தடையால் வகுத்தால் வருவதுதான். எதைத் தேர்ந்தெடுப்பது?

சமன்பாடு ஒன்றுதான், சுமப்பவர் வேறு. புரட்டும் வகையில் 3-ஆம் கால் தரையில் இருக்கிறது. உள்ளீடு மின்தடையின் வழியாக 2-ஆம் காலுக்கு வருகிறது. 2-ஆம் காலும் பூஜ்ய வோல்ட்டில் நிற்பதால் மின்தடையின் குறுக்கே முழு உள்ளீடும் விழுகிறது. அந்த மின்னோட்டம் அப்படியே பளுவுக்குள் போகிறது. சிக்கல் என்னவென்றால், அந்த மின்னோட்டம் முழுவதையும் தர வேண்டியது உள்ளீட்டு மூலம்.

முந்தைய கேள்வியின் பொட்டென்ஷியோமீட்டரையே எடுத்துக்கொள்வோம். 15 வோல்ட்டின் குறுக்கே 10 கிலோ ஓம், நடு முனையில் 2 வோல்ட் வரும்படி திருகியாகிவிட்டது. இப்போது கீழே 1.33 கிலோ, மேலே 8.67 கிலோ. நடு முனையிலிருந்து பார்த்தால் இரண்டும் இணையாகச் சேர்ந்து சுமார் 1.16 கிலோ ஓம் மூல மின்தடை. அதைப் புரட்டும் மாற்றியின் 1 கிலோ ஓமுடன் இணைத்ததும் மின்னோட்டம் 2 வோல்ட்டை 2.16 கிலோ ஓமால் வகுத்தது, அதாவது 0.93 மில்லி ஆம்பியர். பாதிகூட இல்லை. நடு முனையை அளந்தால் 2 வோல்ட் 0.93 வோல்ட்டாக இறங்கியிருக்கும்.

மூலம் வலுவானதாக இருந்தால், இன்னொரு ஆப்-ஆம்பின் வெளியீடுபோல, புரட்டும் வகையில் தவறில்லை. அதற்கு ஒரு அனுகூலமும் உண்டு. பளுவுக்காகக் கீழ் மின்தடைக்கு 2 வோல்ட் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, 13 வோல்ட் முழுவதும் பளுவுக்கே. மற்ற இடங்களில் நான் புரட்டா வகையையே போடுவேன்.

ஜீனர் டையோடு பெட்டியில் எது எத்தனை வோல்ட் என்று எழுத்து அழிந்துவிட்டது. இந்தச் சுற்றால் சோதிக்க முடியும் என்கிறார்களே?

முடியும், இதற்கென்றே இதை ஒரு சிறு பலகையில் இணைத்து வைத்திருக்கிறேன். 2 வோல்ட் உள்ளீடு, 1 கிலோ ஓம், பளுவின் இடத்தில் இரண்டு கிளிப்புகள். ஜீனரின் பட்டை போட்ட முனை வெளியீட்டுப் பக்கம் இருக்க வேண்டும். மல்டிமீட்டரை ஜீனரின் குறுக்கே வைத்தால் அதன் மின்னழுத்தம் நேராகத் தெரியும். 5.1 வோல்ட் ஜீனருக்கு வெளியீடு 7.1 வோல்ட், 9.1 வோல்ட் ஜீனருக்கு 11.1 வோல்ட். 12 வோல்ட் ஜீனருக்கு 14 வோல்ட் வேண்டும், அது 741-ஆல் ஆகாது. மீட்டரில் 11-க்கும் 13-க்கும் இடையே ஏதோ ஒரு எண் தெரியும், அதை நம்பக் கூடாது. அப்போது 2-ஆம் காலில் 2 வோல்ட் இல்லை என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

எல்இடியையும் அப்படியே சோதிக்கலாம். சிவப்பு எல்இடியின் குறுக்கே 1.8 வோல்ட் சுமாருக்கு இருக்கும். ஒன்றை மாற்றி இன்னொன்றை மாட்டினாலும் எல்லாவற்றுக்கும் அதே 2 மில்லி ஆம்பியர்தான் போகிறது என்பதால் ஒளியையும் நேர்மையாக ஒப்பிடலாம். 4 வோல்ட்டுக்குக் குறைந்த ஜீனர்கள் மட்டும் 2 மில்லி ஆம்பியரில் எழுதியதைவிடக் குறைவாகக் காட்டும். அவற்றின் வளைவு மழுங்கலானது, கூடுதல் மின்னோட்டம் கேட்கும்.

மின்னோட்டம் எவ்வளவு துல்லியமாக இருக்கும்?

முக்கால்வாசிப் பதில் கீழ் மின்தடையில் இருக்கிறது. தங்கப் பட்டை போட்ட 5 சதவீத மின்தடை 950 ஓமாகவோ 1050 ஓமாகவோ இருக்கலாம், மின்னோட்டமும் 2.1-இலிருந்து 1.9 வரை எங்கும் நிற்கலாம். ஆப்-ஆம்பைக் குறை சொல்வதற்கு முன் அந்த மின்தடையை மல்டிமீட்டரில் அளந்து, அளந்த மதிப்பைக் கணக்கில் போடுங்கள்.

அதன்பிறகு ஆப்-ஆம்ப். சாதாரண 741-இன் இரண்டு உள்ளீடுகளுக்கும் இடையே 6 மில்லி வோல்ட் வரை வேறுபாடு இருக்கலாம். 2 வோல்ட் உள்ளீட்டில் அது 0.3 சதவீதம், யாரும் கவனிக்க மாட்டார்கள். உள்ளீடு 20 மில்லி வோல்ட் என்றால் அதே 6 மில்லி வோல்ட் 30 சதவீதப் பிழை. ஆகவே சிறிய மின்னோட்டம் வேண்டுமானால் உள்ளீட்டைச் சுருக்காமல் கீழ் மின்தடையைப் பெரிதாக்குங்கள்.

அதையும் அளவோடு செய்ய வேண்டும். 1 வோல்ட், 1 மெகா ஓம் என்று 1 மைக்ரோ ஆம்பியர் மூலம் செய்ய முயன்றால், 741-இன் உள்ளீட்டுக் கால் தானே சுமார் 80 நானோ ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். நூற்றுக்கு எட்டு போய்விட்டது. உள்ளீட்டுக் கால் மின்னோட்டம் எடுக்காது என்று முதல் பதிலில் சொன்னேனே, அது மில்லி ஆம்பியர் பேசும்போது உண்மை. மைக்ரோ ஆம்பியருக்கு டிஎல் 071 போன்ற ஃபெட் உள்ளீட்டு ஆப்-ஆம்ப் போட வேண்டும்.

தொழிற்சாலைக் கருவிகளுக்கு 1 முதல் 5 வோல்ட்டை 4 முதல் 20 மில்லி ஆம்பியராக மாற்ற வேண்டும். இதே சுற்று போதுமா?

மின்தடை கணக்கு அப்படியே இருக்கிறது: 5 வோல்ட்டை 20 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 250 ஓம். 1 வோல்ட்டுக்கு 4 மில்லி ஆம்பியர், அதுவும் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் 20 மில்லி ஆம்பியரை 741-இன் முதுகில் ஏற்றக் கூடாது. ஒரு டிரான்சிஸ்டரைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

நான் போடும் அமைப்பு இது. 24 வோல்ட் ஒற்றை மின்வழங்கி, எல்எம் 358 ஆப்-ஆம்ப், பிசி 547 டிரான்சிஸ்டர். ஆப்-ஆம்பின் வெளியீடு 10 கிலோ ஓம் வழியாக டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கு. உமிழ்ப்பானிலிருந்து தரைக்கு 250 ஓம், அதே உமிழ்ப்பானிலிருந்து ஒரு கம்பி புரட்டும் முனைக்கு. பளு 24 வோல்ட்டுக்கும் ஏற்பானுக்கும் நடுவே. எல்எம் 358-ஐத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், ஒற்றை மின்வழங்கியில் அதன் உள்ளீடு தரைவரை இறங்கினாலும் வேலை செய்யும். 741 அப்படி இறங்காது.

20 மில்லி ஆம்பியரில் 250 ஓமின் குறுக்கே 5 வோல்ட், டிரான்சிஸ்டருக்கு ஒரு வோல்ட் வைத்தால் பளுவுக்கு 18 வோல்ட் மிச்சம். அதாவது பெறும் கருவியும் கேபிளும் சேர்ந்து 900 ஓம் வரை தாங்கும். பெறும் கருவியில் வழக்கமாக 250 ஓம் இருக்கும், ஆகவே இடம் தாராளம். அந்த 250 ஓம் 5 வோல்ட்டும் கீழ் மின்தடை 5 வோல்ட்டும் எடுத்ததுபோக மிச்ச மின்னழுத்தத்தை டிரான்சிஸ்டர் விழுங்குகிறது: 14 வோல்ட்டை 20 மில்லி ஆம்பியரால் பெருக்கினால் 0.28 வாட். பிசி 547 தாங்கும், ஆனால் விரல் வைத்தால் சூடு தெரியும்.

ஒரு சிறு பிழை இதில் ஒளிந்திருக்கிறது. 250 ஓமில் ஓடுவது உமிழ்ப்பான் மின்னோட்டம், பளுவில் ஓடுவது ஏற்பான் மின்னோட்டம். வேறுபாடு அடிவாய் மின்னோட்டம். பெருக்கம் 200 என்றால் 20-க்குப் பதில் 19.9 மில்லி ஆம்பியர்தான் பளுவுக்குக் கிடைக்கும். அது பொறுக்காது என்றால் 2என்7000 மாஸ்ஃபெட் போடுங்கள். அதன் வாயில் முனையில் மின்னோட்டம் ஓடாது, பிழையும் இல்லை.

கடையில் 250 ஓம் மின்தடை கிடைக்கவில்லை.

1 சதவீத 1 கிலோ ஓம் நான்கை இணையாக இணையுங்கள். சரியாக 250 ஓம். 20 மில்லி ஆம்பியரில் வரும் 0.1 வாட் சூடும் நான்காகப் பிரிந்துவிடும்.

250 ஓமின் குறுக்கே 5 வோல்ட் சரியாக இருக்கிறது, ஆனால் பெறும் கருவி பூஜ்யம் காட்டுகிறது. எப்படி?

இதே கேள்வியோடு ஒரு முழுக் காலைப்பொழுதை நான் ஒரு ஆலையில் தொலைத்திருக்கிறேன். அந்தப் பலகையில் அடிவாய் மின்தடை இல்லை, ஆப்-ஆம்பின் வெளியீடு நேராக அடிவாய்க்குப் போயிருந்தது. 250 ஓமின் குறுக்கே 5 வோல்ட் இருந்ததால் 20 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று உறுதியாக நம்பி, பெறும் கருவியைத்தான் பிரித்துப் போட்டோம். கடைசியில் பார்த்தால் முனையத் திருகுக்கு அடியில் கேபிளின் செம்பு இழை முறிந்திருந்தது. மேலுறை மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பளு அறுந்ததும் ஏற்பானில் மின்னோட்டம் இல்லை. உமிழ்ப்பான் மின்னழுத்தம் இறங்கப் பார்க்கிறது, ஆப்-ஆம்ப் விடுவதில்லை. அடிவாயின் வழியாகத் தானே மின்னோட்டத்தைத் தள்ளி 250 ஓமின் குறுக்கே 5 வோல்ட்டை நிலைநிறுத்திவிடுகிறது. ஆப்-ஆம்புக்குத் தெரிந்ததெல்லாம் கீழ் மின்தடை மட்டும், மின்னோட்டம் எந்த வழியாக வந்தது என்று அது பார்ப்பதில்லை.

மேலே 10 கிலோ ஓமை அடிவாயில் போடச் சொன்னது இதற்காகத்தான். பளு அறுந்தால் எல்எம் 358 தன் வெளியீட்டை 22.5 வோல்ட்வரை ஏற்றினாலும் 10 கிலோ ஓமின் வழியாக 2 மில்லி ஆம்பியர் சுமாருக்குத்தான் போகும். 250 ஓமின் குறுக்கே அரை வோல்ட் மட்டும் தெரியும், பளு அறுந்தது உடனே புலப்படும். வேலை செய்யும்போது அந்த 10 கிலோவால் இடைஞ்சல் இல்லை, 0.1 மில்லி ஆம்பியர் அடிவாய் மின்னோட்டத்துக்கு அதன் குறுக்கே 1 வோல்ட்தான் விழும். மாஸ்ஃபெட் போட்டிருந்தால் 250 ஓமில் பூஜ்யமே தெரியும்.

என் பளுவின் ஒரு முனை உலோக உடலோடு தரையில் இணைந்திருக்கிறது. பிரிக்க முடியாது. என்ன செய்வது?

மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு உதவாது, அவை எல்லாவற்றிலும் பளுவின் இரண்டு முனைகளும் தரையைத் தொடாமல் இருக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது ஹவ்லண்ட் சுற்று. 1960-களின் தொடக்கத்தில் எம்ஐடியின் பிராட்ஃபோர்டு ஹவ்லண்ட் கண்டுபிடித்தது.

நான்கு சம மின்தடைகள். புரட்டும் முனையிலிருந்து தரைக்கு ஒன்று, வெளியீட்டுக்கு ஒன்று. புரட்டா முனையிலிருந்து உள்ளீட்டுக்கு ஒன்று, வெளியீட்டுக்கு ஒன்று. பளு புரட்டா முனைக்கும் தரைக்கும் நடுவே. பளுவின் மின்னழுத்தம் VL என்றால் ஆப்-ஆம்ப் அதை இரட்டிப்பாக்கி வெளியீட்டில் 2 VL வைக்கிறது. பளுவுக்குள் நுழையும் இரண்டு மின்னோட்டங்களையும் கூட்டிப் பாருங்கள்:

```
I = (Vin − VL)/R + (2VL − VL)/R
I = Vin / R
```

VL தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த இரண்டு வரிகள் இவை.

விலை இரண்டு. வெளியீடு 2 VL ஆக இருக்க வேண்டும் என்பதால் 13 வோல்ட்டில் பளுவுக்கு 6.5 வோல்ட் மட்டுமே. இரண்டாவது, அந்த அடித்தல் நான்கு மின்தடைகளும் துல்லியமாகச் சமமாக இருந்தால்தான் நடக்கும். 1 சதவீத 1 கிலோ ஓம் மின்தடைகள் மோசமான திசைகளில் விலகினால், மூலத்துக்கு இணையாக 25 கிலோ ஓம் ஒன்று ஒட்டிக்கொண்டதுபோல் ஆகும். பளுவில் 2 வோல்ட் இருக்கும்போது அது 0.08 மில்லி ஆம்பியரைத் திருடும். 2 மில்லி ஆம்பியரில் நான்கு சதவீதம். பொட்டலத்திலிருந்து பத்துப் பதினைந்து மின்தடைகளை அளந்து ஒத்துப்போகும் நான்கைப் பொறுக்கி எடுப்பது நல்ல முதலீடு.

பளுவாக ரிலே சுருளை வைத்தேன். டிசி அளவு சரியாக இருக்கிறது, ஆனால் ஆசிலோஸ்கோப்பில் வெளியீடு துடிக்கிறது.

சுருள் பின்னூட்டப் பாதையில் இருக்கிறது. அதிர்வெண் உயர உயரச் சுருள் மின்னோட்டத்தைத் தடுக்கிறது, புரட்டும் முனைக்குச் செய்தி தாமதமாக வருகிறது. தாமதமான செய்தியை வைத்து ஆப்-ஆம்ப் திருத்துகிறது, அளவுக்கு மீறித் திருத்துகிறது, மறுபடி திருப்புகிறது. சுருளின் மின்தூண்டல் பெரிதானால் இது நிற்காத அலைவாகிவிடும்.

வெளியீட்டுக்கும் புரட்டும் முனைக்கும் நடுவே, சுருளுக்கு இணையாக, சில நூறு பிக்கோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் போடுங்கள். உயர் அதிர்வெண்ணுக்கு அது குறுக்குப் பாதை, செய்தி நேரத்துக்கு வந்து சேரும். டிசியில் மின்தேக்கி இருப்பதே தெரியாது, மின்னோட்டம் அதே உள்ளீடு வகுத்தல் கீழ் மின்தடைதான். போதவில்லை என்றால் ஆசிலோஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே மதிப்பை ஏற்றுங்கள், துடிப்பு அடங்கியதும் அதைவிட இரண்டு மடங்கில் நிறுத்துங்கள்.